சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு: தண்ணீர் எவ்வளவு சூடாகும், காலியாகக் காய்ந்தால் எவ்வளவு ஏறும்?

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 100 லிட்டர் சோலார் ஹீட்டர் வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கியபோது, எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "அறுபது டிகிரி கேரண்டி சார்." எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வெயிலில் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். வீடு பூட்டிக் கிடந்தாலோ தொட்டி காலியாக இருந்தாலோ என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். கடைக்குப் போகும் முன் ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் நீங்களும் போட்டுவிடலாம்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் கோவை வெயிலுக்கு, 100 லிட்டர் தொட்டியும் 2 சதுர மீட்டர் தட்டையான பேனலும் கொண்ட சாதாரண அமைப்புக்கு. உங்கள் எண்களை அதே இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் உங்கள் தேவையை யூனிட்டில் எழுதுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். 100 லிட்டருக்கு 116 வாட்-மணி, அதாவது 0.116 யூனிட். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

குளிக்க 40 டிகிரி போதும். எங்கள் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. தொட்டியில் 60 டிகிரியில் 100 லிட்டர் இருந்தால், குளிர்ந்த தண்ணீரோடு விளாவும்போது 40 டிகிரியில் சுமார் 250 லிட்டர் கிடைக்கும். 20 லிட்டர் வாளியில் 12 வாளி. நான்கு பேர் தாராளமாகக் குளிக்கலாம். இதைப் பார்க்காமல் "தலைக்கு 50 லிட்டர், அதனால் 200 லிட்டர் வாங்குங்கள்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். பெரிய பேனலில் சேர்ந்த சூட்டை நீங்கள் எடுக்காவிட்டால் அது தொல்லையாக மாறும். எப்படி என்பது 7-வது படியில் வருகிறது.

## 2. கோட்டேஷனோடு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்கள்

விலைப்பட்டியலில் லிட்டர் மட்டும் இருந்தால் அது பாதிக் கோட்டேஷன். எழுத்தில் வாங்க வேண்டியவை: பேனலின் வெயில் வாங்கும் பரப்பு, தொட்டியைச் சுற்றியுள்ள பஃப் இன்சுலேஷனின் தடிமன், தட்டையான பேனல் என்றால் IS 12933 முத்திரை, அந்தப் பேனலின் டெஸ்ட் ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டில் ஒரு சாய்கோடு வரைந்திருப்பார்கள். நமக்கு அதிலிருந்து இரண்டு எண்கள் வேண்டும். கோடு தொடங்கும் உயரம், விழும் வெயிலில் எத்தனை பங்கை பேனல் உள்ளே வாங்குகிறது என்பதைச் சொல்லும். அதை `n0` என்று வைத்துக்கொள்வோம். நல்ல தட்டைப் பேனலில் நேர் வெயிலுக்கு இது 0.72 அளவில் இருக்கும். கோட்டின் சரிவு, வெளிக்காற்றைவிட ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் கசிகிறது என்பதைச் சொல்லும். இது `U`. நம் கணக்குக்கு 6 என்று எடுக்கிறேன்.

ரிப்போர்ட் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் உடனே எழுந்து வர வேண்டியதில்லை. ஆனால் பேரம் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இன்னொரு பொறி: மானியம். பிஎம் சூர்யா கர் திட்டம் கூரையில் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கானது. தண்ணீர் சூடாக்கும் கருவிக்கு அதில் பணம் வராது. "மானியம் போக இவ்வளவு" என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டம் என்று கோட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

## 3. ஒரு நாள் சூட்டின் வரவு செலவு

பேனலுக்கு வரவு வெயில், செலவு கசிவு. மிச்சம்தான் தண்ணீருக்குப் போகிறது.

```
Q = A × [ n0 × G − U × (Tm − Ta) ] × h
```

`A` பரப்பு, `G` வெயிலின் வீச்சு (வாட்/சதுர மீட்டர்), `Tm` பேனலுக்குள் இருக்கும் தண்ணீரின் சராசரி வெப்பநிலை, `Ta` வெளிக்காற்று, `h` வெயில் நேரம்.

தெளிவான நாளில் 7.5 மணி நேரம், சராசரி 700 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 5.25 யூனிட் வெயில். காலையும் மாலையும் வெயில் சாய்வாக விழும், கண்ணாடியில் தூசியும் இருக்கும். அதனால் 0.72-ஐ அப்படியே போடாமல் நாள் முழுவதற்கும் 0.65 என்று குறைத்துப் போடுங்கள். வெளிக்காற்று 32 டிகிரி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்று தெரிந்தால்தான் கசிவு தெரியும், கசிவு தெரிந்தால்தான் சூடு தெரியும். அதனால் முதலில் ஒரு குத்துமதிப்பு போட்டு, வரும் விடையை வைத்துத் திருத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் எண் நின்றுவிடும். மாலையில் 70 டிகிரி என்று ஊகித்தால் நாள் சராசரி 49. வெளிக்காற்றைவிட 17 டிகிரி கூடுதல்.

```
வரவு  = 0.65 × 700         = 455
செலவு = 6 × 17             = 102
மிச்சம் = 353 × 2 × 7.5 / 1000     = 5.3 யூனிட்
தொட்டி, குழாய் இழப்பு       = 0.3
தண்ணீருக்கு                 = 5.0 யூனிட்
ஏற்றம் = 5.0 / 0.116        = 43 டிகிரி
```

27-உடன் 43 சேர்த்தால் 70. ஊகமும் விடையும் ஒத்துப்போனதால் கணக்கு முடிந்தது. அந்த அறுபது டிகிரி பொய் இல்லை, தெளிவான நாளின் மாலைக்கு அது குறைவான வாக்குறுதிகூட. ஆனால் நீங்கள் மாலையிலா குளிக்கிறீர்கள்?

விடியற்காலைக்கு இன்னொரு வரி போட வேண்டும். 50 மில்லிமீட்டர் பஃப் வைத்த 100 லிட்டர் தொட்டி, குழாய் இணைப்புகளையும் சேர்த்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1.5 வாட் இழக்கும் என்று கொள்ளலாம். இரவுக் காற்று 25 டிகிரி, மாலை முதல் காலை வெயில் வரை 16 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 45 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1.1 யூனிட் போகும். அது 9 டிகிரி. காலையில் குளியலறைக்கு வருவது 61 டிகிரி.

இதே கணக்கை ஐப்பசி மழை நாளுக்கும் போடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது உண்மையில் அந்த நாளில்தான் தெரியும். வெயில் பாதிக்கும் கீழே, 2.5 யூனிட் என்று வைத்து, வெளிக்காற்று 27, குழாய்த் தண்ணீர் 25 என்று போட்டால் ஏற்றம் சுமார் 21 டிகிரி. மாலையில் 46, காலையில் 41. விளாவாமல் அப்படியே ஊற்றிக் குளிக்கலாம், ஆனால் 100 லிட்டர் மட்டும்தான். நான்கு பேருக்குத் தலைக்கு ஒரு வாளியும் கொஞ்சமும். இது உங்களுக்குப் போதாதென்றால் தொட்டிக்குள் மின்சார எலிமெண்ட் வைத்த மாடலைக் கேளுங்கள். இரட்டிப்பு அளவு பேனல் போட்டு இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

## 4. மிச்சம் பூஜ்யமானால்: தேக்க வெப்பநிலை

மேலே உள்ள சூத்திரத்தில் தண்ணீரை எடுத்துவிடுங்கள். பேனல் காலி, அல்லது உள்ளே ஓட்டம் நின்றுவிட்டது. வெயில் விழுந்துகொண்டே இருக்கிறது, சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தகடு சூடேறிக்கொண்டே போகும், சூடேற ஏறக் கசிவும் கூடும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் நிற்கும். அதுதான் தேக்க வெப்பநிலை, ரிப்போர்ட்டில் ஸ்டாக்னேஷன் என்று போட்டிருப்பது.

```
Ts = Ta + (n0 × G) / U
```

சித்திரை உச்சி வெயில் 1000 வாட், காற்று 35 டிகிரி. இங்கே நேர் வெயில் என்பதால் 0.72-ஐயே போட வேண்டும். 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120. தகடு 155 டிகிரிக்குப் போகும்.

சாதாரணக் கறுப்புப் பெயிண்ட் அடித்த மலிவான பேனலின் கசிவு 8 என்றால் இதே கணக்கு 125-இல் நின்றுவிடும். அதாவது, பேனல் எவ்வளவு நல்லதோ அவ்வளவு அதிகமாகக் காயும். தேக்க வெப்பநிலை குறைவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கசிவு அதிகம் என்று அர்த்தம்.

வெற்றிடக் கண்ணாடிக் குழாய் மாடலுக்கு இந்தச் சின்னச் சூத்திரம் சரிவராது. அதில் கசிவு மிகக் குறைவு, 1.5 என்று போட்டால் விடை 470 டிகிரி என்று வரும். அவ்வளவு போகாது. சூடு கூடக் கூடக் கதிர்வீச்சால் போகும் கசிவு வேகமாக ஏறும், எனவே `U` நிலையான எண்ணாக இருக்காது. வித்தியாசத்தின் வர்க்கத்தோடு ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டும். `n0` 0.65, கசிவு 1.5, வர்க்க உறுப்பின் கெழு 0.0075 என்று போட்டால் 245 டிகிரிக்கு அருகில் வருகிறது. காலியான குழாயின் உள்சுவர் 200-ஐத் தாண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

## 5. அந்த எண்ணை வைத்துப் பொருத்தும் ஆளைக் கண்காணியுங்கள்

பொருத்துவது அரை நாள் வேலைதான். ஆனால் தவறுகள் நடப்பது இங்கேதான், அதனால் அன்றைக்கு மாடியில் நீங்கள் இருங்கள்.

பேனலுக்கும் தொட்டிக்கும் இடையே பிளம்பர் வழக்கமான சிபிவிசி குழாயைப் போடப் பார்ப்பார். அது 93 டிகிரி வரைதான் தாங்கும். பேனல் 155-க்குப் போகக்கூடியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த இணைப்பு செம்பிலோ ஜிஐயிலோ இருக்கட்டும். தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய்க்கு சிபிவிசி சரி. சாதாரண பிவிசி எங்குமே வேண்டாம், தொய்ந்துவிடும். பேனலின் முதுகுக்கு ராக்வுல் இன்சுலேஷன்தான் பொருத்தம். பஃப் தொட்டிக்கு நல்லது, காய்ந்த தகட்டின் சூட்டை அது தாங்காது.

காற்றுப்போக்கிக் குழாய் கண்டிப்பாக வேண்டும். அதன் வாய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். "தண்ணீர் வழிகிறது" என்று சொல்லி இதற்கு மூடி போட்டுவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொதிக்கும்போது ஆவி போக அதுதான் ஒரே வழி. அடைத்தால் அழுத்தம் முழுவதும் தொட்டியின் வெல்டிங்கில் ஏறும்.

தட்டைப் பேனலில் தொட்டியின் அடிப்பக்கம் பேனலின் மேல் விளிம்பைவிட ஓர் அடி உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் திரும்பிவிடும். பகலில் சேர்த்த சூட்டைப் பேனல் வழியாக வானத்துக்கே விட்டுவிடும்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் அசட்டை. கோவை 11 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. 25 டிகிரி சாய்த்து வைத்தால் டிசம்பர் உச்சி வெயில் கிட்டத்தட்ட முழுவதும் நேராக விழும். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நேர் வெயிலில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான் விழும். சூடு வேண்டிய மாதத்தில் கூடுதல், வேண்டாத மாதத்தில் குறைவு. காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டுவிட்டு, ஸ்டாண்டைத் தட்டையாக வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

## 6. முதல் தண்ணீர் விடும் நேரம்

குழாய் மாடல் என்றால் சூரியன் உதிக்கும் முன் நிரப்புங்கள். பொருத்தும் ஆள் பன்னிரண்டு மணிக்கு வேலையை முடித்துவிட்டு அப்போதே வால்வைத் திறக்கப் பார்ப்பார். உள்ளே 200 டிகிரிக்கு மேல் காய்ந்த கண்ணாடி, வருவது 27 டிகிரித் தண்ணீர். பட்டென்று விரிசல் விடும். ஒரு குழாய் உடைந்தாலே தொட்டி முழுவதும் அதன் வழியாக வடிந்துவிடும்.

குழாயை வெளியே தொட்டுப் பார்த்து "ஆறிவிட்டது" என்று நம்பாதீர்கள். வெளிச்சுவர் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், வெற்றிடத்தின் வேலையே அதுதான். அதே வெற்றிடம் உள்ளே இருக்கும் சூட்டையும் எளிதில் விடாது. மாலை ஆறு மணிக்கும் உள்சுவர் சுடலாம். இரவு முழுக்க விட்டுவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குத் திறப்பதுதான் பாதுகாப்பு.

இதே ஆபத்து வேறொரு உருவிலும் வரும். மாநகராட்சித் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் மேல்தொட்டி காலியாகும். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரும் வடிந்தோ கொதித்தோ குறையும். பிறகு மத்தியானம் மோட்டார் போட்டதும் குளிர்ந்த தண்ணீர் பாயும். மேல்தொட்டி காய்ந்துபோனதாகத் தெரிந்தால் ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுநாள் அதிகாலையில் திறங்கள். வாரண்டி அட்டையைப் படித்துப் பாருங்கள், "காலியாக ஓடியது", "உப்புத் தண்ணீர்" என்ற இரண்டுக்கும் விலக்கு இருக்கும். உடைந்த குழாய்க்குக் காசு உங்களுடையதுதான்.

## 7. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா?

தொட்டி நிறைய இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. முதல் நாள் 70, மறுநாள் காலை 61-இலிருந்து மறுபடி ஏறும். இப்படியே ஏறி, பகலில் சேர்வதும் இருபத்துநாலு மணி நேரத்தில் தொட்டி இழப்பதும் சமமாகும் இடத்தில் நிற்கும். நம் எண்களை வைத்து 85 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள்: பகல் மிச்சம் (455 − 6 × 53) × 2 × 7.5, சுமார் 2 யூனிட். தொட்டி இழப்பு 1.5 × 55 × 24, அதுவும் 2 யூனிட். ஆக, சில நாளில் தொட்டி 85 டிகிரி அருகில் வந்து நின்றுவிடும். உச்சி நேரத்தில் மேல்மட்டத் தண்ணீர் இதைவிட அதிகம் சுடும். குழாய் மாடல் என்றால் கொதித்தே விடும், காற்றுப்போக்கியில் ஆவி வருவதைப் பார்க்கலாம்.

ஊரிலிருந்து வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறப்பதுதான் ஆபத்தான கணம். 60 டிகிரித் தண்ணீரே சில நொடியில் தோலைப் பொசுக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துவிட்டு அப்புறம் சுடுதண்ணீரை விடுங்கள். போகும்போதே பேனலின் மேல் தார்ப்பாய் போட்டு நன்றாகக் கட்டிவிடுவது இன்னும் நல்லது. தொட்டியை வடித்துவிட்டுப் போகாதீர்கள், அது பேனலை 155-க்கு அனுப்பும் வேலை.

## 8. ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்க

தெளிவான நாள் ஒன்றில், காலையில் குளித்து முடித்தபின் யாரும் தண்ணீர் எடுக்காமல், மாலை ஐந்து மணிக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். குழாயில் தேங்கியதை வடித்துவிட்டு, ஒரு வாளி பிடித்துக் கலக்கி அளக்க வேண்டும். தொட்டியின் மேல்மட்டம்தான் முதலில் வரும் என்பதால் இந்த எண் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். ஆனால் எப்போதும் ஒரே முறையில் அளந்தால் ஒப்பிடலாம்.

மாலை எண் நன்றாக இருந்து காலையில் 9-க்குள் நிற்காமல் 20 டிகிரி இறங்கினால் தொட்டியின் இன்சுலேஷன் நனைந்திருக்கும், அல்லது இரவில் ஓட்டம் திரும்புகிறது. இரவில் பேனலின் மேல் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டாவதுதான்.

மாலை எண்ணே குறைவாக இருந்தால் உச்சி வெயிலில் மாடிக்குப் போய் பேனலிலிருந்து தொட்டிக்குப் போகும் மேல் குழாயைப் பாருங்கள். கையை வைக்காதீர்கள், ஈரத்துணியால் தொடுங்கள். குழாய் மிதமான சூடு, கண்ணாடியும் மிதமான சூடு என்றால் தூசியோ மரநிழலோ காரணம். பேனல் தகிக்கிறது, துணி சுர்ரென்கிறது, ஆனால் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்புதான் என்றால், உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் குழாய்களில் உப்புப் படிந்து ஓட்டம் நின்றிருக்கிறது. வெயில் வரவு அப்படியே இருக்கிறது, பேனல் மட்டும் தன் தேக்க வெப்பநிலையை நோக்கிப் போகிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இது அபூர்வம். போர்வெல் தண்ணீர் மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் சீக்கிரமே வரும். அங்கே முதலிலேயே குழாய் மாடலை வாங்குங்கள், அல்லது தட்டைப் பேனலில் வெப்பப் பரிமாற்றி வைத்ததைக் கேளுங்கள்.

## 9. செலவு

நான் விசாரித்தபோது 100 லிட்டர் தட்டைப் பேனல், குழாய் மாடலைவிடத் தெளிவாகவே விலை கூடுதல். இரண்டுக்கும் கோட்டேஷன் வாங்கி, மாடிக்கு ஏற்றும் கூலி, குழாய் வேலை, ஸ்டாண்ட், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளடக்கமா என்று கேளுங்கள். கடைசியில் பில்லைக் கூட்டுவது இந்த நான்கும்தான்.

மிச்சக் கணக்குக்கு, பேனல் சேர்த்த 5 யூனிட்டைப் போடாதீர்கள், விற்பவர்கள் அதைத்தான் போடுவார்கள். நீங்கள் உண்மையில் குளித்த தண்ணீரைப் போடுங்கள். நாளைக்கு 40 டிகிரியில் 150 லிட்டர் என்றால், 27-இலிருந்து 13 டிகிரி ஏற்றம், சுமார் 2.3 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 136 யூனிட் அளவில் வரும். இதை உங்கள் மின்கட்டணத்தின் கடைசி ஸ்லாப் விலையால் பெருக்குங்கள், சராசரி விலையால் அல்ல. குறைவது கடைசி யூனிட்டுகள்தான். சித்திரை, வைகாசியில் வீட்டில் யாரும் சுடுதண்ணீரைத் தொடமாட்டார்கள் என்றால் அந்த பில்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.